எனக்கு உங்கள் இடது குதிரை வேண்டாம்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஓய்வுபெற்றவனுக்கு ஓய்வு கிடையாது. கடைவாசலில் நின்றால் யாராவது ஒரு கடித உறையை நீட்டுவார்கள். பிரிக்காத உறை. நான் பிரித்து வாசித்து, இது வெறும் நினைவூட்டல்தான், கைது ஆணை அல்ல என்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுவதும் இதைச் சம்பளத்துக்குச் செய்தேன். அரசாங்கக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் இந்தப் பக்கம் நிற்பவனுக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் ஒருவருக்கொருவர் விளங்கவைக்கும் வேலை. எந்தத் தாளுக்கு எந்தத் தாள் துணை, எந்த மறுப்புக்கு எத்தனை மாதத்துக்குள் மேல்முறையீடு, எந்த அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இளகுவார், எவர் பின்னால் இளகுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த அறிவு ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லை.

நான் ஓய்வுபெற்றது 2009இல், ஊரில் போர் முடிந்த வருடம். அந்த வருடம் லாச்சப்பலில் எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் ஒரே பேச்சு, பிறகு ஒரே மௌனம். இரண்டையும் தாங்க முடியாத நாள்களில் மெட்ரோப் பாலத்துக்குக் கீழால் ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கம் நடப்பேன். ரயில் பாதையை ஒட்டி ஒரு பூங்கா. அதன் ஓரத்தில் கொங்கிரீட் மேசைகள். இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் அங்கே ஏழெட்டுச் சீனக் கிழவர்கள் ஒரு பலகையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

சீனச் சதுரங்கம் அது. எங்கள் செஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆளுக்குப் பதினாறு காய். அவை கட்டத்துக்குள் நிற்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் நிற்கும். நடுவில் ஒரு ஆறு. ஒவ்வொரு கரையிலும் ஒன்பது புள்ளிகள் கொண்ட சின்ன அரண்மனை, அதற்குள்ளே தளபதி. அவர் வெளியே வரவே முடியாது, அதனால் அவரை எனக்கு உடனே விளங்கியது. தேர் எங்கள் கோட்டையைப்போல நேராக எவ்வளவு தூரமும் ஓடும். யானை, காவலன், பீரங்கி, சிப்பாய் என்று மற்றவை. குதிரையில்தான் வில்லங்கம். அது முதலில் ஒரு புள்ளி நேராகப் போய், பிறகு ஒரு புள்ளி சாய்வாகப் போகும். அந்த முதல் புள்ளியில் யாராவது நின்றால், எதிரியோ சொந்தக்காரனோ, குதிரைக்குக் கால் கட்டப்பட்டுவிடும். அந்தப் பக்கம் போகவே முடியாது.

செஸ் தெரிந்த ஆணவத்தில் முதல் ஆட்டத்திலேயே நான் குதிரையை ஒரு காயின் தலைக்கு மேலால் பாயவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவர் குனிந்து தன் காலைத் தானே கயிற்றால் கட்டுவதுபோல் நடித்துக் காட்டினார். அந்தச் சிரிப்பு சரியாக முடிய முன்பே எனக்கு எதிரே இருந்தவர் தன்னுடைய காய்களில் இருந்து ஒரு குதிரையை எடுத்து, பலகைக்கு வெளியே, என் பக்கமாக வைத்தார். இடது குதிரை. இனி விளையாடலாம் என்று கையால் காட்டினார்.

அவர் கம்போடியாவின் பினோம்பென்னில் பிறந்த சீனர். பாரிஸில் தையற்பட்டறை வைத்திருந்து, விற்றுவிட்டு ஓய்ந்தவர். அந்த மேசையில் அவரை வென்றவர் எவருமில்லை. பலமானவர் பலவீனமானவருக்கு ஒரு குதிரை குறைத்து விளையாடுவது அவர்களுடைய வழக்கம். குறைப்பது எப்போதும் இடது குதிரை, குறைத்தவர்தான் முதலில் நகர்த்துவார். மரியாதையான வழக்கம்தான். வாங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று கொடுக்கிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

முதல் வருடம் வாங்கினேன். இரண்டாம் வருடமும் வாங்கினேன். மேசையின் கால் உடைந்தபோது மாநகராட்சிக்கு எழுதித் திருத்த வைத்தேன். பூங்காவை நேரத்தோடு பூட்டுகிறார்கள் என்றபோது அதற்கும் எழுதினேன். சங்கமாகப் பதிந்தால் குளிர்காலத்தில் மண்டபம் கிடைக்கும் என்று சொல்லி, பதிந்தும் கொடுத்தேன். பிரெஞ்சுக் கடிதத்தின் கடைசியில் போட வேண்டிய அந்த நீண்ட வணக்க வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஒரே ஆள் என்பதால் என்னையே செயலாளராக்கினார்கள். அன்றிலிருந்து தையற்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "செக்ரெத்தேர்" என்பார், கொஞ்சம் நீட்டி.

செயலாளர் ஆன பிறகும் குதிரை வந்துகொண்டே இருந்தது.

இதை லாச்சப்பலில் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். நான் குடியிருக்கும் புறநகர் கார்ஜிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் முதலில் போவது மரக்கறிக்கடைக்கு. கடைக்காரத் தம்பி ஊரில் எங்கள் பக்கம்தான், என்னைவிட இருபது வயது இளையவர். அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஆனால் குதிரைக் கதை மட்டும் அவருக்குப் போதுமாயிருந்தது.

"என்ன அண்ணை, சீனாக்காரர் இண்டைக்கும் குதிரை தந்தவரோ?" என்பார், வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே. கடைக்குள் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அது வழக்கம்."

"ஓம், ஓம். ஊரிலை கோயிலுக்குத்தான் குதிரை வாகனம் குடுக்கிறவை. உங்களுக்கு அங்கை ஞாயிறுக்கு ஞாயிறு குடுக்கினம்."

ஒருநாள் அவர் கடையில் எனக்கு ஒரு பூசணிக்கீற்று இலவசமாகப் போட்டார். ஏன் என்றேன். நீங்கள் சும்மா வாங்கிப் பழகிய ஆள்தானே என்றார். நான் பூசணியைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். நல்ல பூசணி.

சங்கம் ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஒரு போட்டி வைக்கும். குலுக்கலில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் சமமாக விளையாடுகிறவர்களின் துண்டுகள், மற்றதில் குதிரை வாங்குகிறவர்களின் துண்டுகள். என் துண்டு எந்தப் பெட்டியில் என்று சொல்லத் தேவையில்லை. அதை எழுதிப் போட்டதே நான்தான். செயலாளர் அல்லவா.

அவர்களுடைய வழக்கத்தை ஒழுங்குவிதியாக எழுதியதும் நானே. கிழவர்கள் வாயால் சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் எவரும் எக்காலத்திலும் பயன்படுத்தாத ஒரு விதி இருந்தது. குதிரை வாங்குகிறவர், கொடுக்கிறவரைப் போட்டிக்கு முன் ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சமமாக அழைக்கலாம். வென்றால் பிறகு எவரிடமும் குதிரை வாங்கத் தேவையில்லை. தோற்றால் அதன்பின் ஒரு குதிரை அல்ல, இரண்டு குதிரையும் வாங்கியே விளையாட வேண்டும். அதாவது வாய் பார்க்க வந்த ஆளுக்குக் கொடுப்பதுபோல. ஒரு விதி எழுதப்பட்டிருந்தால் அது ஒருநாள் யாராவது கேட்பதற்காகத்தான் என்பது என் தொழில் எனக்குத் தந்த ஒரே நம்பிக்கை. கவுண்டரில் எத்தனையோ பேருக்காக அப்படிக் கேட்டிருக்கிறேன். எனக்காகக் கேட்டது அதுதான் முதல்முறை.

ஒரு செப்டம்பர் ஞாயிறு. தையற்காரர் காய்களை அடுக்கி, பழக்கத்தில் இடது குதிரையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"எனக்கு உங்கள் இடது குதிரை வேண்டாம்" என்றேன்.

அவருக்குப் பிரெஞ்சில் வினைச்சொற்கள் எல்லாமே ஒரே காலத்தில்தான் வரும். நானும் அதை அப்படியே தமிழில் போடுகிறேன். "எல்லாரும் எடுக்கினம்," என்றார். "நீ எடு. நல்லது."

"விதி இருக்கு, முசியே. நானே எழுதினது."

சுற்றி நின்றவர்களுக்கு ஒருவர் மொழிபெயர்த்தார். கொஞ்சநேரம் ஒருவரும் திட்டவில்லை, அந்த மேசையில் அது பெரிய விஷயம். பிறகு சமரசம் பேச வந்தார்கள். சீனாவின் வென்சோவில் இருந்து வந்த உணவகக்காரர் ஒருவர், மேசையில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறவர், நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். குதிரை வேண்டாம், பதிலாக முதல் இரண்டு நகர்வையும் நான் எடுத்துக்கொள்ளலாமாம். அலுவலகங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். கேட்டதைக் கொடுக்க மனமில்லாதபோது கேட்காத ஒன்றை அன்போடு நீட்டுவார்கள். அதில் கையெழுத்து வைத்தால் முதலில் கேட்டது காலாவதி. வேண்டாம் என்றேன். யார் முதலில் என்பதை முஷ்டிக்குள் காய் மறைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

தையற்காரர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "தோத்தால் ரெண்டு," என்றார், இரண்டு விரலைக் காட்டி. "ரெண்டு குதிரை."

"தெரியும்."

அடுத்த ஞாயிறு என்று முடிவாயிற்று.

நான் ஒன்றும் அசட்டுத் துணிச்சலில் போகவில்லை. பல வருடமாக அவரிடம் தோற்றிருக்கிறேன், தோற்ற வழிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மிகப் பிடித்தமான தாக்குதல் குதிரையால். எதிரியின் இடது யானை புறப்படும் கடைக்கோட்டுப் புள்ளி இருக்கிறதே, அதற்கு நேர் முன்னால் உள்ள புள்ளியில் என் குதிரை போய் இறங்கினால் தளபதிக்கு முற்றுகை, செஸ்ஸில் செக் என்பதுபோல. அருமையான இடம். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே குதிப்பேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய தேர் யானை நிற்கும் அந்த நெடுங்கோட்டில், யானைக் கோட்டில், கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் வந்து என் குதிரையைத் தின்னும். அந்தக் கோட்டுச் சிப்பாயை ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே முன்னுக்குத் தள்ளிக் கொடுத்துவிடுவார், தேருக்குத் தெரு திறக்க. அந்தக் கோடு அவருடைய சொந்தச் சாலை.

அந்த வாரம் வீட்டில் பலகையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தச் சாலை ஏன் எப்போதும் திறந்திருக்கிறது? இடது குதிரை இருந்தால் அது வழக்கமாகப் போய் நிற்கும் இடம் அதே யானைக் கோடுதான், நான் குதிக்கும் புள்ளிக்கு நேர் கீழே. எனக்குத் தானமாக வந்த குதிரைதான் அவருக்குச் சாலை திறந்து கொடுத்திருக்கிறது. அவர் எனக்கு மட்டுமா கொடுத்தார்? மேசையில் எல்லாருக்கும் கொடுத்தார், போட்டியில் சமப் பெட்டியில் இருந்தவர்களுக்கும். அவரோடு சமமாக விளையாடக்கூடியவர்கள் சீனர் கூடும் பெல்வில் பக்கத்தில் இருந்தார்கள், முழங்கால் நோவு வந்த பிறகு அவர் அங்கே போவதில்லை. வருடக்கணக்காக இடது குதிரையோடு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஒரே படிவத்தைப் பத்து வருடம் பார்த்த அலுவலரிடம் புதிய பதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். புதிய கட்டம் கண்ணுக்கு நேரே இருக்கும், அவர் பழைய படிவத்தைத்தான் வாசிப்பார். இதை நம்பி நான் வழக்குகள் வென்றிருக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை. கடைக்காரத் தம்பியும் கடையைப் பெண்சாதியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், அண்ணைக்கு இரண்டு குதிரை கிடைப்பதைப் பார்க்க. முஷ்டிக்குள் எனக்குச் சிவப்புச் சிப்பாய் வந்தது. சிவப்புதான் முதலில் நகரும். அந்த மேசையில் அவரோடு நான் முதலாவதாக நகர்த்தியது அன்றைக்குத்தான்.

ஆரம்பம் இருவருக்கும் சமம். ஒரு சோடிக் குதிரை மாறிப் போயிற்று, நடுச் சிப்பாய்கள் போயினர். அவர் வழமைபோல யானைக் கோட்டுச் சிப்பாயைத் தள்ளிக் கொடுத்தார். அவருடைய இடது தேர் அந்தக் கோட்டில் இறங்கி, ஆற்றைக் கடந்து, என் கரையில் ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. அதற்கு முன்பே இடது குதிரை தன் வழக்கமான இடத்துக்கு ஏறிவிட்டிருந்தது. அவர் கையாலேயே ஏற்றினார். கை ஏற்றியதைத் தலை குறித்துக்கொள்ளவில்லை என்பது என் கணிப்பு.

என் தேர் ஆற்றுக்கு அப்பால், அவருடைய சிப்பாய்கள் முதலில் நிற்கும் குறுக்குக்கோட்டில் ஒன்றைத் தின்று நின்றது. என் குதிரையை அதே குறுக்குக்கோட்டில், அரண்மனையின் வலது விளிம்புக்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். தேர் இடப்பக்கம், குதிரை வலப்பக்கம், நடுவில் வெறும் கோடு. தேர் குதிரையைக் காக்கிறது. குதிரை அந்தப் பழைய புள்ளிக்குக் குதிக்கத் தயார். என் முகத்தைப் பார்த்திருந்தால் அவர் எதையாவது கண்டுபிடித்திருப்பார். அவர் பலகையைத்தான் பார்த்தார்.

ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் செய்வதையே செய்தார். என் கரையில் நின்ற தேரை யானைக் கோடு வழியாகவே திருப்பி ஏற்றி, என் குதிரைக்குப் பக்கத்தில், அதே குறுக்குக்கோட்டில் கொண்டுவந்து வைத்தார். இப்போது ஒரே கோட்டில் என் தேர், என் குதிரை, அவருடைய தேர். நல்ல நகர்வு. என் குதிரை சும்மா எழும்பினால், அவருடைய தேர் திறந்த கோட்டால் ஓடிவந்து காவலில்லாமல் நிற்கும் என் தேரைத் தின்னும். எழும்பாமல் இருந்தால், அடுத்ததாகப் பீரங்கியைக் கொண்டுவந்து குதிரையை அடிப்பார். குதிரை பொறிக்குள். முற்றுகையோடு குதித்தால்தான் எனக்கு நேரம் கிடைக்கும். அதற்கு இருந்த இரண்டு இடங்களில் ஒன்று இல்லை, ஏனென்றால் அவருடைய மற்றத் தேர் தளபதியின் மறுபக்கத்தில் நின்று அங்கிருந்து தளபதியை நோக்கும் பாய்ச்சலின் காலைக் கட்டியிருந்தது. மிச்சம் அந்தப் பழைய புள்ளி. அவர் தேரின் மேல் ஒரு விரலை வைத்து, அந்த விரலை யானைக் கோட்டில் மேலே இழுத்துக் காட்டினார். குதி, வந்து தின்கிறேன் என்று அர்த்தம்.

விரல் போன வழியில் அவருடைய சொந்தக் குதிரை நின்றது. விரல் அதன் தலைக்கு மேலால் போயிற்று.

எனக்குப் பின்னால் கடைக்காரத் தம்பி, "அண்ணை, முடிஞ்சுதோ? கடையைச் சாத்த வேணும்," என்றார்.

"பொறும்," என்றேன்.

குதிரையை எடுத்து அந்தப் புள்ளியில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். முற்றுகை.

அவருடைய கை உடனே தேருக்குப் போனது. தூக்கிவிட்டார். தூக்கி, யானைக் கோட்டில் மேலே கொண்டுபோய், பாதிவழியில் தன் குதிரையில் இடித்து நிறுத்தினார். தேர் எதன் மேலாலும் தாண்டாது. கை அந்தரத்தில் நின்றது. மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

தேரை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி, ஆனால் அந்தத் தேரின் எந்த நகர்வும் முற்றுகையைத் தீர்க்காது, ஆகவே விதிக்கும் அங்கே வேலையில்லை. முற்றுகையைத் தீர்க்க ஒன்றுதான் வழி, தளபதி பக்கத்தில் காலியாக இருந்த புள்ளிக்கு நகர்வது. காவலன் ஒருவன் முன்பே எழும்பிப்போனதால் அந்த இடமாவது இருந்தது. தளபதி நகர்ந்தால் என் முறை. குதிரை எழும்பியதால் குறுக்குக்கோடு திறந்துவிட்டது, அதன் மறுமுனையில் அவருடைய தேர் காவலின்றி நிற்கிறது. ஒரு முழுத் தேர்.

உணவகக்காரர்தான் முதலில் பேசினார். இது ஆட்டமல்ல, கைப்பிழை என்றார். தேரை என் கரையில் இருந்த அதன் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கட்டும், அங்கிருந்து தொடரலாம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, பிரெஞ்சில், எல்லாருக்கும் கேட்க, அவர் உனக்கு எத்தனை தடவை நகர்வைத் திருப்பித் தந்திருக்கிறார் என்று கேட்டார்.

அது உண்மை. கணக்கில்லாமல் தந்திருக்கிறார். நான் அசட்டுத்தனமாக எதையாவது வைத்தால், நாக்கால் ஒரு சத்தம் செய்து, காயை மீண்டும் என் கையில் தருவார். குதிரையோடு அதுவும் இலவசம். அந்த நேரத்தில் என்னைச் சுற்றி நின்றவர்களின் முகங்களில் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்த நியாயத்துக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தேர் திரும்பிப் போகும், ஆட்டம் தொடரும், அவர் வெல்வார், எனக்கு இரண்டு குதிரை. என்னுடைய பெருந்தன்மையைப் பற்றி இரண்டு வாரம் பேசுவார்கள்.

"திருப்பித் தாறது குதிரை வாங்கிற ஆளுக்கு," என்றேன். "இண்டைக்கு இஞ்சை ஒருத்தரும் குதிரை வாங்கேல்லை. அவருக்கு வேணுமெண்டால், அவர் கேக்கட்டும். நான் அவருக்குச் சொல்லுறன் பதில்."

நான் இதைச் சொன்னது பிரெஞ்சில். ஆனால் எப்போது நினைத்தாலும் தமிழில்தான் கேட்கிறது. உணவகக்காரர் கையை உதறிவிட்டு ஏதோ சொன்னார், அது பாராட்டு இல்லை. கடைக்காரத் தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு என்ன தகராறு என்று விளங்கவில்லை, தகராறு என்பது விளங்கியது.

"என்னவாம் அண்ணை?"

"போட்டதைத் திருப்பிக் கேக்கினம்."

"ஆர், சீனாக்காரரோ கேட்டவர்?"

"இல்லை. மற்றவை."

"அப்ப குடுக்காதேங்கோ," என்றார். அவ்வளவு வருடத்தில் அவர் என் பக்கம் நின்றது அதுதான் முதல்.

தையற்காரர் இந்த நேரம் முழுக்கத் தன் இடது குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஒரு விரலால் தொட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார்.

"நான் கேக்கேல்லை," என்றார். தன் ஆட்களைப் பார்த்து அவர்களுடைய மொழியிலும் ஏதோ சொன்னார், கடுமையாக. உணவகக்காரர் சிகரெட் பற்றவைக்கப் போய்விட்டார். பிறகு தையற்காரர் தளபதியைப் பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்திவிட்டு, திறந்த கோட்டைக் கையால் காட்டினார். "எடு."

எடுத்தேன். என் தேர் குறுக்குக்கோட்டின் இடப்பக்கத்தில் இருந்து ஓடிப்போய் அவருடைய தேர் நின்ற இடத்தில் நின்றது. அங்கிருந்து நேர் மேலே அந்த இடது குதிரை, அடுத்த இலக்காக. அவர் குதிரையை ஓட வைத்தார். ஒரு தேர் குறைந்தும் கனநேரம் சண்டை பிடித்தார். இரண்டு தடவை என்னைப் பயப்படுத்தினார், ஒரு பீரங்கியும் பறித்தார். முடிவில் தளபதியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அந்த மேசையில் அவர் அப்படிக் கவிழ்த்து நான் பார்த்ததில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. எனக்குக் கைதட்டல் தேவையாயிருக்கவுமில்லை.

எழும்பும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "தெரியுமா? நான் மறக்கிறது, உனக்கு முதலே தெரியுமா?"

தெரியும் என்றேன். வீட்டில் பலகை வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தால் அதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இனி எல்லாரும் குதிரை வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்றார். "இல்லாட்டி நான் செத்துப்போறன், ஆனால் குந்தியிருக்கிறன்," என்றார். அவருடைய பிரெஞ்சில் அது அப்படித்தான் வந்தது. நான் திருத்தவில்லை.

எல்லாரும் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் வாங்குகிறார்கள், சந்தோஷமாக. இலையுதிர் காலப் போட்டியில் என் துண்டை நானே மற்றப் பெட்டிக்குள் போட்டேன். இரண்டாம் சுற்றிலேயே உணவகக்காரரிடம் தோற்றேன். அவர் ஆட்டத்தின் நடுவில் தேரையும் குதிரையையும் ஒன்றின் பின் ஒன்றாகக் கொண்டுவந்து என் பீரங்கியை மூலையில் அடைத்துப் பிடித்த விதம் நேர்த்தியாக இருந்தது. முடிந்ததும், அந்த நகர்வைத் திருப்பி வேண்டுமா என்று பல்லைக் காட்டிக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

தையற்காரரோடு ஞாயிறு தவறாமல் ஆடினேன். அவர் அதன்பிறகு ஒரு நகர்வையும் எனக்குத் திருப்பித் தரவில்லை, நாக்கால் சத்தமும் செய்யவில்லை. காய் அடுக்கும்போது கை சிலவேளை பழக்கத்தில் இடது குதிரைக்குப் போகும். போன கையை இழுத்து, குதிரையைப் புள்ளியின் நடுவில் சரியாக நகர்த்தி வைப்பார், ஏதோ அதற்காகத்தான் கை போனதுபோல. பிறகு அந்தக் குதிரையாலேயே என்னை வெல்வார். அதனால் எதையாவது தின்னும் போதெல்லாம், "இது அந்தக் குதிரை, செக்ரெத்தேர்," என்று தவறாமல் சொல்வார்.

மரக்கறிக்கடையில் கேள்வி மட்டும் மாறியது.

"என்ன அண்ணை, இண்டைக்கு வெண்டதோ?"

"தோத்துப்போனன்."

"திரும்பவுமோ? அப்ப முந்தியும் தோல்வி, இப்பவும் தோல்வி. பேந்தென்ன வித்தியாசம்?"

"முந்தி அந்தாளின்ரை பதினைஞ்சு காயிட்டைத் தோத்தன்," என்றேன். "இப்ப பதினாறிட்டை. அந்தப் பூசணியை நிறும். காசுக்கு."